மிரர் கிளேஸ்: கேக்கின் மேல் கண்ணாடி போல் பளபளப்பு வர, ஆரம்பம் முதல் ஊற்றும் வரை

பிரெஞ்சு பேஸ்ட்ரி கடைகளில் மூஸ் கேக்குகளுக்குப் பல காலமாகச் செய்துவந்த மேல்பூச்சுதான் மிரர் கிளேஸ். 2016-ல் ரஷ்யாவைச் சேர்ந்த ஓல்கா நோஸ்கோவா இன்ஸ்டாகிராமில் போட்ட கேக் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றிய பிறகு, வீட்டில் கேக் செய்கிறவர்களும் அதை முயற்சி செய்ய ஆரம்பித்தார்கள். செய்முறை எங்கே தேடினாலும் கிடைக்கும், அளவுகளும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் ஒருவருக்குக் கண்ணாடி போல வருகிறது, இன்னொருவருக்குக் கேக்கிலிருந்து வழுக்கித் தட்டில் தேங்கி நிற்கிறது. பெரும்பாலும் காரணம் பொருள்களில் இல்லை, ஊற்றும் நேரத்தில் கிளேஸ் எத்தனை டிகிரி, கேக் எத்தனை டிகிரி என்பதில் இருக்கிறது.

18 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒரு மாம்பழ மூஸ் கேக்கை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை சாயங்காலம் பிறந்தநாள். வியாழக்கிழமையே கேக்கைச் செய்து ஃப்ரீசரில் வைத்துவிட்டு, அன்று இரவே கிளேஸையும் காய்ச்சி ஃப்ரிட்ஜில் வைக்கிறோம். சனிக்கிழமை காலை 10 மணி வாக்கில் ஊற்றி, உடனே ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் 4 மணிக்கெல்லாம் உள்ளே இருக்கும் மூஸ் இளகி, வெட்டத் தயாராகிவிடும். இதை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். கேக் உள்வரை உறையவும், கிளேஸில் ஏறிய காற்று அடங்கவும் ஒரு ராத்திரி வேண்டும்.

கேக் உறைந்தே ஆக வேண்டும்

"குளிர்ந்த கேக்கில் ஊற்றவும்" என்று படித்துவிட்டு, ஃப்ரிட்ஜில் வைத்த கேக்கை வெளியே எடுத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அது போதாது. கேக் மைனஸ் 18 டிகிரியில், நடுப்பகுதி வரை கல் மாதிரி உறைந்திருக்க வேண்டும். ஜெலட்டின் கலந்த கிளேஸ் 33 டிகிரியில் தண்ணீர் போல ஓடும், அந்தக் கேக்கைத் தொட்ட சில விநாடிகளில் இறுகும். மேலிருந்து வழியும் வேகமும் பக்கவாட்டில் இறுகும் வேகமும் சேர்ந்துதான் 2 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரே சீரான படலத்தைத் தருகின்றன. கேக் 4 டிகிரியில் இருந்தால் இறுக நேரமாகும், அதற்குள் பாதி கிளேஸ் கீழே போய்விடும், பக்கவாட்டில் உள்ளிருக்கும் நிறம் தெரியும்.

வீட்டில் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் இருந்தால் அதன் ஃப்ரீசர் மைனஸ் 18-க்கு எளிதில் இறங்காது. முதல் நாளே குளிர் அளவைக் கடைசி எண்ணில் வைத்து, மற்ற சாமான்களை எடுத்து இடம் விட்டு, கேக்கை முழு ஒரு நாள் வையுங்கள். டீப் ஃப்ரீசர் இருந்தால் ஒரு ராத்திரி போதும்.

எல்லாக் கேக்கும் இதற்கு ஒத்துவராது. மூஸ், பவேரியன் கிரீம் போன்று உறையும்போது மழமழவென்று நிற்கும் மேற்பரப்பு வேண்டும். பட்டர்கிரீம் பூசிய ஸ்பாஞ்ச் கேக்கிலும் ஊற்றலாம், ஆனால் பட்டர்கிரீமைக் கத்தி முனையில் தேய்த்து மழமழப்பாக்கி, அதையும் உறைய வைத்த பிறகுதான். வெறும் ஸ்பாஞ்ச் மேல் ஊற்றினால் கிளேஸ் துளைகளுக்குள் இறங்கி, மேலே புள்ளி புள்ளியாகத் தெரியும். கிளேஸ் எதையும் மறைக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னப் பள்ளம் இருந்தால்கூட, பளபளப்பு வந்ததும் அது இரட்டிப்பாகத் தெரியும்.

மூஸை ஊற்றி உறையவைத்த உலோக வளையத்திலிருந்து கேக்கை எடுக்கும்போது, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வளையத்தைச் சுற்றி சில விநாடிகள் வைத்தால் கழன்றுவிடும். ஹேர் டிரையர் இருந்தால் அதுவும் சரி. கழற்றியதும் பள்ளம் தெரிகிற இடத்தில் மீதமான மூஸை ஸ்பாட்டுலாவால் தேய்த்து நிரப்புங்கள். அப்புறம் மேல் விளிம்பை உள்ளங்கையால் வட்டமாக ஒரு சுற்று தேய்த்து, கூர்மையை மழுக்கிவிடுங்கள். விளிம்பு கூராக இருந்தால் கிளேஸ் அந்த இடத்தில் மெலிந்து, உள்ளே இருக்கும் மஞ்சள் ஒரு வளையமாகத் தெரியும். இந்த ஒரு வேலையை எத்தனையோ செய்முறைகளில் எழுதுவதே இல்லை. சூடு பட்ட மேற்பரப்பு இளகியிருக்கும் என்பதால், கேக்கைத் திரும்பவும் ஃப்ரீசருக்குள் குறைந்தது அரை மணி நேரம் வைத்து மறுபடி கல்லாக்க வேண்டும். இதை வெள்ளிக்கிழமையே செய்து முடித்துவிட்டால் சனிக்கிழமை காலை நிம்மதி.

கிளேஸுக்கு வேண்டியவை

18 சென்டிமீட்டர் கேக்கின் மேற்புறமும் பக்கங்களும் சேர்ந்து சுமார் 540 சதுர சென்டிமீட்டர். 2 மில்லிமீட்டர் தடிப்பில் பூச 140 கிராம் கிளேஸ்தான் உண்மையில் கேக்கில் ஒட்டி நிற்கும். ஆனால் 140 கிராம் மட்டும் செய்தால் வேலை நடக்காது. கேக் முழுவதும் ஒரே மூச்சில் மூழ்கி வழிய வேண்டும், அதற்கு 600 கிராமுக்கு மேல் கையில் இருக்க வேண்டும். கீழே வழிந்தது வீணாகாது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சர்க்கரை: 150 கிராம்
லிக்விட் குளுக்கோஸ்: 150 கிராம்
தண்ணீர்: 75 கிராம்
கண்டென்ஸ்டு மில்க்: 100 கிராம்
வெள்ளை சாக்லேட்: 150 கிராம்
ஜெலட்டின் தூள்: 12 கிராம்
ஜெலட்டினை ஊறவைக்கக் குளிர்ந்த தண்ணீர்: 60 கிராம்
ஜெல் வகை உணவு நிறம்: சில துளிகள்

தண்ணீரையும் கப்பில் அளக்காமல் எலெக்ட்ரானிக் தராசில் வைத்து எடையாகவே எடுங்கள். ஜெலட்டினில் 2 கிராம் கூடினாலும் குறைந்தாலும் படலத்தின் தன்மை மாறிவிடும், ஸ்பூன் கணக்கு இங்கே நம்பத்தக்கதல்ல.

ஜெலட்டின் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரே வலிமையில் இருக்காது. அந்த வலிமையை புளூம் எண்ணால் குறிப்பார்கள். மேலே சொன்ன 12 கிராம், 200 புளூம் ஜெலட்டினுக்கு. 250 புளூம் என்று போட்டிருந்தால் 10.5 கிராம் போதும், 160 புளூம் என்றால் 13.5 கிராம் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பல பாக்கெட்டுகளில் எண்ணே இருக்காது. அப்போது 12 கிராமில் ஆரம்பித்து, மறுநாள் காலை ஃப்ரிட்ஜில் இருக்கும் கிளேஸை விரலால் அழுத்திப் பாருங்கள். மெதுவாக அமுங்கி மறுபடி எழும்பினால் சரி. புட்டிங் மாதிரிக் குழைந்தால், இன்னொரு 2 கிராம் ஜெலட்டினை 10 கிராம் தண்ணீரில் ஊறவைத்து, சூடாக்கும்போது சேர்த்துவிடலாம். ரப்பர் பந்து போல் விரலைத் தள்ளினால் ஜெலட்டின் அதிகம். சாப்பிடும்போது அந்தப் படலம் கேக்கோடு வெட்டுப்படாமல் தோல் மாதிரி உரிந்து வரும். இரண்டு ஸ்பூன் தண்ணீரும் கொஞ்சம் குளுக்கோஸும் கலந்து சூடாக்கி இளக்கிக்கொள்ள வேண்டும்.

ஜெலட்டின் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து வருவது. சைவம் சாப்பிடுகிறவர்கள் வீட்டு விசேஷம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை. அதற்குப் பதிலாகக் கடல்பாசி, அதாவது அகர் அகர் போட்டால் என்ன என்று கேட்பார்கள். இந்தக் கிளேஸுக்கு அது சரிப்படாது. அகர் இறுகத் தொடங்குவதே 35 முதல் 40 டிகிரிக்குள், ஒருமுறை இறுகினால் 85 டிகிரி வரை சூடாக்கினால்தான் மறுபடி உருகும். நாம் ஊற்றப்போவது 33 டிகிரியில். அந்தச் சூட்டில் அகர் கலவை ஏற்கெனவே கட்டியாக இருக்கும், அதை ஓடவைக்கும் சூட்டில் ஊற்றினால் மூஸ் உருகிவிடும். ஜெலட்டின் 30-35 டிகிரியில் உருகி ஓடுவதும், குளிர்ந்ததை தொட்டவுடன் இறுகுவதும்தான் இந்த முறையே சாத்தியமாவதற்குக் காரணம். முற்றிலும் சைவமாக வேண்டும் என்றால் பழத்திலிருந்து எடுக்கும் பெக்டின் என்எச் என்ற இறுக்கும் பொருளை வைத்துச் செய்யும் தெளிவான பழ கிளேஸ் இருக்கிறது. அதற்கு அளவும் சூடும் வேறு.

லிக்விட் குளுக்கோஸ், கேக் சாமான்கள் விற்கும் கடைகளில் டப்பாவில் கிடைக்கும், தேனைவிடக் கெட்டியாக, நிறமில்லாமல் இருக்கும். மருந்துக் கடையில் வெயிலுக்குக் கரைத்துக் குடிக்கத் தரும் குளுக்கோஸ் தூள் இது இல்லை. தூளைப் போட்டால் சர்க்கரையோடு இன்னொரு சர்க்கரை சேர்த்த மாதிரிதான் ஆகும். லிக்விட் குளுக்கோஸில் இருக்கும் நீண்ட மூலக்கூறுகள் சர்க்கரை மறுபடி படிகமாவதைத் தடுக்கின்றன. படிகமானால் மேற்பரப்பு மணல் தூவியது போல மங்கிவிடும். கிளேஸுக்கு அந்தப் பிசுபிசுப்பான கனத்தைத் தருவதும் குளுக்கோஸ்தான். கையில் ஒட்டி உயிரை வாங்கும், அதனால் ஸ்பூனால் எடுக்காமல் விரல்களை நனைத்துக்கொண்டு எடுங்கள், அல்லது சர்க்கரை போட்ட பாத்திரத்தையே தராசில் வைத்து அதற்குள் நேராக ஊற்றுங்கள்.

வெள்ளை சாக்லேட் வாங்கும்போது உட்பொருள் பட்டியலில் கோகோ பட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். தாவர எண்ணெயில் செய்த காம்பவுண்டு சாக்லேட்டிலும் கிளேஸ் வரும், ஆனால் வாயில் மெழுகு போல ஒட்டும், சரியாகக் கலக்காவிட்டால் கொழுப்பு பிரிந்து நிற்கும். வாங்கியது ஏற்கெனவே காம்பவுண்டு என்றால் செய்துதான் பாருங்கள், வேறு யாருக்காவது கொடுக்கும் கேக் என்றால் நல்ல சாக்லேட் வாங்குங்கள்.

காய்ச்சுவது: 103 டிகிரி

முதலில் ஜெலட்டின். 60 கிராம் குளிர்ந்த தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்து, அதன்மேல் தூளை மழை போலத் தூவுங்கள். தூளின்மேல் தண்ணீரை ஊற்றினால் நடுவில் உலர்ந்த கட்டிகள் நிற்கும், அவை பின்னால் எத்தனை கலக்கினாலும் கரையாது. வெயில் காலத்தில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும், அதனால் ஃப்ரிட்ஜ் தண்ணீரை எடுங்கள். 10 நிமிஷத்தில் தூள் தண்ணீரை முழுக்க உறிஞ்சிக் கட்டியான களி மாதிரி ஆகியிருக்கும்.

அகலமான, அடி கனமான பாத்திரத்தில் சர்க்கரை, குளுக்கோஸ், 75 கிராம் தண்ணீர் போட்டு மிதமான தீயில் வையுங்கள். சர்க்கரை கரையும்வரை கிளறலாம். கொதிக்க ஆரம்பித்ததும் கரண்டியை எடுத்துவிடுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் சர்க்கரைத் துகள் ஒட்டியிருந்தால் நனைத்த பிரஷ்ஷால் உள்ளே தள்ளிவிடுங்கள். ஒரு துகள் நின்றாலும் அதைப் பிடித்துக்கொண்டு பாகு படிகமாகத் தொடங்கும்.

103 டிகிரி வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சமிருக்கிறது என்பதை அந்த எண் சொல்கிறது. 100-லேயே இறக்கினால் கிளேஸ் நீர்த்துப்போய், பக்கங்களில் ஒட்டாமல் ஓடும். 107, 108 வரை விட்டுவிட்டால் கெட்டியாகி, ஊற்றும்போது வரி வரியாக நிற்கும். ஒரு சின்ன விவரம்: 103 என்பது கடல் மட்டத்துக்கு. ஊட்டி மாதிரி 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீரே சுமார் 92-93 டிகிரியில் கொதித்துவிடும், அங்கே 103 வரை காத்திருந்தால் பாகு முறுகிவிடும். உங்கள் ஊரில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று முதலில் பார்த்து, அதற்கு மேல் 3 டிகிரி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தெர்மாமீட்டர், உள்ளே நுழைத்துப் பார்க்கும் டிஜிட்டல் வகையாக இருக்கட்டும். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் வகை மேற்பரப்பின் சூட்டை மட்டும்தான் சொல்லும், உள்ளே 3, 4 டிகிரி அதிகமாக இருக்கலாம். தெர்மாமீட்டர் சரியா என்று பார்க்க, நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு முனையை நுழையுங்கள், 0 காட்ட வேண்டும்.

அடுப்பை அணைத்த பாகை, 90 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை ஓரிரு நிமிஷம் விடுங்கள். பிறகு ஊறிய ஜெலட்டினைப் போட்டுக் கரையுங்கள். கொதிக்கும் பாகில் ஜெலட்டினைப் போட்டு அடுப்பிலேயே வைத்திருந்தால் அதன் இறுகும் சக்தி குறைந்துபோகும். அடுத்து கண்டென்ஸ்டு மில்க். இந்தச் சூடான கலவையை, சின்னத் துண்டுகளாக வெட்டி வைத்த வெள்ளை சாக்லேட்மேல் ஊற்றி, ரெண்டு நிமிஷம் கை வைக்காமல் விடுங்கள். சாக்லேட் தானாக இளகிவிடும்.

காற்று ஏறாமல் கலப்பது

இனி ஹேண்ட் பிளெண்டர். கேக்கில் தெரியும் ஊசி முனைக் குமிழ்களில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. கலவையை உயரமான, குறுகலான ஜாடிக்கு மாற்றுங்கள், அகலமான கிண்ணம் வேண்டாம். பிளெண்டரின் தலையை ஜாடியின் அடிவரை சாய்வாக இறக்கி, ஒருமுறை மெல்ல ஆட்டி, அதற்குள் சிக்கிய காற்றை வெளியேற்றிய பிறகே பட்டனை அழுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே தூக்கக் கூடாது. நடுவில் சுழி விழுந்து காற்றை உள்ளே இழுத்தால் "கொளக் கொளக்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதுமே பட்டனை விட்டுவிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து மறுபடி ஓட்டுங்கள். சரியாக ஓடும்போது கீழேயிருந்து மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்கும், மேற்பரப்பு அசையாமல் இருக்கும். ஒரு நிமிஷம் போதும், சாக்லேட்டின் கொழுப்பும் பாகும் ஒன்றாகி, சாட்டின் துணி போல மின்னும்.

நிறத்தையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். நமக்கு மாம்பழ நிறம் வேண்டும் என்றால் மஞ்சள் ஜெல்லோடு ஒரு சொட்டு ஆரஞ்சு போதும். வெள்ளை சாக்லேட்டும் கண்டென்ஸ்டு மில்க்கும் தந்த வெளிர் மஞ்சள் ஏற்கெனவே அதில் இருக்கிறது. அதனால் நீலம் சேர்த்தால் பச்சைச் சாயல் அடிக்கும். பால் போன்ற தூய வெள்ளை வேண்டுமென்று பலர் டைட்டானியம் டை ஆக்சைடு பொடி போடுகிறார்கள், ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் அதை உணவில் தடை செய்துவிட்டது. தந்த நிறத்தோடு விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

கலந்ததை மெல்லிய வடிகட்டியில் வடிகட்டி, கிளிங் ராப்பை மேற்பரப்பைத் தொடும்படி ஒட்டி மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். இடைவெளி விட்டு மூடினால் மேலே ஆடை படியும், அது சூடாக்கும்போது சுருண்டு சுருண்டு தெரியும்.

33 டிகிரிக்கு இறக்குவது

சனிக்கிழமை காலை ஜாடியை வெளியே எடுத்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் ஜாடியை வைத்தோ, மைக்ரோவேவில் 20 விநாடி 20 விநாடியாக ஓட்டியோ 40 டிகிரி வரை சூடாக்குங்கள். ஓரம் சீக்கிரம் உருகி நடு கட்டியாக நிற்கும், ஆகவே ஸ்பாட்டுலாவால் மெதுவாக அடியிலிருந்து நகர்த்திக் கொடுங்கள், அடிக்க வேண்டாம். குமிழ்கள் மேலே வந்தால் ஜாடியை மேஜையில் நாலு தட்டுத் தட்டுங்கள். மறுபடி ஒருமுறை வடிகட்டலாம்.

40 டிகிரியில் எல்லாம் உருகி ஒரே மாதிரி ஆகிவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் 33-க்கு இறங்க விட வேண்டும். இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. குளிர் நாட்டு வீடியோக்களில் "மேஜையில் வைத்துவிடுங்கள், இறங்கிவிடும்" என்பார்கள். சென்னையில் மே மாதம் சமையலறையே 34, 35 டிகிரி இருக்கும், அங்கே மேஜையில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் 33 வராது. ஜாடியை ஒரு பெரிய பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீருக்குள் நிறுத்தி, மெதுவாகக் கிளறிக்கொண்டே இறக்குங்கள். ஐஸ் போட வேண்டாம், ஓரங்கள் கட்டிப்போய் துணுக்குத் துணுக்காக வரும். ஃப்ரிட்ஜுக்குள் வைத்து இறக்கினாலும் அதே கதைதான். ஏசி ஓடும் அறை இருந்தால் இந்த வேலையை அங்கேயே செய்துவிடுங்கள், இன்னொரு காரணத்துக்காகவும் அது நல்லது, பின்னால் வருகிறேன்.

33 என்பது தொடங்கும் எண். உங்கள் ஜெலட்டின், உங்கள் சாக்லேட், உங்கள் ஃப்ரீசர் எல்லாம் சேர்ந்து 31 முதல் 35 வரை எங்காவது சரியான இடத்தைக் காட்டும். அதைக் கேக்கிலேயே சோதித்துப் பார்க்க முடியாது, கேக் ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே முதல் நாள் இரவே ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஊற்றும் நேரத்தில் அதை எடுத்து, வெளியே படிந்த பனியைத் துடைத்து, கவிழ்த்து வைத்து, அடிப்பாகத்தின்மேல் ஒரு கரண்டி கிளேஸை ஊற்றுங்கள். பக்கவாட்டில் வழிவதைக் கவனியுங்கள். சரியான சூட்டில் இருந்தால் ஒரு திரை இறங்குவது போல ஒரே தடிப்பில் இறங்கி, கீழ் விளிம்பில் கனமான சொட்டுகளாகத் தொங்கும், ஒரு நிமிஷத்தில் விரலில் ஒட்டாமல் இறுகும். உள்ளே எவர்சில்வர் மின்னுவது தெரிந்தால் இன்னும் சூடாக இருக்கிறது, 1 டிகிரி இறக்குங்கள். பாதி வழியிலேயே நின்று விரல் விரலாகத் தடித்தால் ரொம்ப ஆறிவிட்டது, 1 அல்லது 2 டிகிரி ஏற்றுங்கள்.

ஊற்றும் அந்த அரை நிமிஷம்

கேக்கை வெளியே எடுப்பதற்கு முன் மற்ற எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பெரிய தட்டின்மேல் கிளிங் ராப் விரித்து, நடுவில் கேக்கைவிடச் சின்ன வட்டமான ஒரு டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். கேக் அதன்மேல் நிற்கும், விளிம்புகள் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும், கிளேஸ் தடையின்றிக் கீழே சொட்டும். கம்பி ஸ்டாண்டிலும் வைக்கலாம், ஆனால் அடியில் கம்பியோடு ஒட்டிக்கொண்டு, தூக்கும்போது கிழியும். நீளமான ஸ்பாட்டுலாவும், இறுதியில் கேக்கை வைக்கப்போகும் தட்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் பனியாகப் படியத் தொடங்கிவிடும். 32 டிகிரி வெயில், 75 சதவீத ஈரப்பதம் என்றால் 27 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மேலும் தண்ணீர் படியும், மைனஸ் 18-ல் இருக்கும் கேக்கைக் கேட்கவே வேண்டாம். அந்த வெண்பனிப் படலத்தின்மேல் ஊற்றினால் கிளேஸ் கேக்கோடு ஒட்டாது. ஊற்றும்போது நன்றாகத்தான் தெரியும், ஃப்ரிட்ஜில் பனி உருகியதும் பக்கவாட்டுப் படலம் மொத்தமாக வழுக்கிக் கீழே இறங்கும். ஏசி அறை வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் பனி படிவது பல மடங்கு குறையும். எங்கே இருந்தாலும் சரி, கேக்கை வைத்ததும் உலர்ந்த உள்ளங்கையாலோ டிஷ்யூ தாளாலோ மேலேயும் பக்கங்களிலும் ஒருமுறை வேகமாகத் துடைத்துவிட்டு, உடனே ஊற்றுங்கள்.

ஜாடியைக் கேக்கிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்து, நடுவில் தொடங்கி, வட்டமாக வெளியே போய், விளிம்பை முழுக்க ஒரு சுற்று சுற்றி வாருங்கள். தயங்காமல், நிறுத்தாமல். பக்கத்தில் எங்காவது வெறுமையாகத் தெரிந்தால், மேல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே அந்த இடத்துக்கு மேலே உள்ள விளிம்பில் இன்னும் கொஞ்சம் ஊற்றிவிடுங்கள். இரண்டு நிமிஷம் கழித்து ஊற்றினால் இறுகிய படலத்தின்மேல் இன்னொரு அடுக்காகத் திட்டுத் தெரியும்.

மேலே கிளேஸ் அதிகமாகத் தேங்கியிருந்தால், ஸ்பாட்டுலாவை மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் ஒரே ஒருமுறை இழுத்துவிடலாம், அதுவும் ஊற்றி முடித்த 5 விநாடிக்குள். அதைத் தாண்டினால் கை வைக்காதீர்கள், இழுத்த தடம் அப்படியே நிற்கும். ஒன்றிரண்டு குமிழ் தெரிந்தால் ஊசி முனையால் குத்திவிடுங்கள்.

5 நிமிஷத்தில் சொட்டுவது நின்று, கீழ் விளிம்பில் துளிகள் தொங்கும். ஸ்பாட்டுலாவை அடிவிளிம்பில் படுத்தபடி வைத்து ஒரு சுற்று வழித்து அவற்றை எடுத்துவிடுங்கள். சொட்டிக்கொண்டிருக்கும்போதே வழித்தால் புதிதாகச் சொட்டும், ரொம்ப நேரம் விட்டால் துளிகள் இறுகி, வழிக்கும்போது பக்கத்துப் படலத்தையும் சேர்த்து இழுக்கும். பிறகு அடியில் இரண்டு ஸ்பாட்டுலாக்களை எதிரெதிராக நுழைத்துத் தூக்கி, தட்டில் இறக்குங்கள். கேக் இன்னும் கல்லாக இருப்பதால் தூக்குவதில் பயமில்லை. அடிவிளிம்பில் ஒட்டுப்போட்டது தெரிந்தால் தேங்காய்த் துருவலோ, பொடித்த பாதாமோ சுற்றி ஒட்டலாம்.

ஃப்ரிட்ஜிலும் ஈரம்

கேக்கை உடனே 4 டிகிரி ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். வெளியே வைத்து இளகவிட்டால் மேலே வியர்த்துக் கொட்டும். 18 சென்டிமீட்டர் கேக் உள்வரை இளக 5, 6 மணி நேரம் ஆகும். ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து மூடினால் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று உள்ளே போய்க் கேக்கின்மேல் நுண்ணிய துளிகளாகப் படியும், அதனால் ஒரு பெரிய அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் நல்லது. குழம்பு, பூண்டு வாசனையும் ஏறாது. துளிகள் படிந்துவிட்டால் துடைக்காதீர்கள், துடைத்த இடம் மங்கும். ஏசி அறையிலோ மின்விசிறிக் காற்றிலோ சில நிமிஷம் வைத்தால் பெரும்பாலும் உலர்ந்துவிடும்.

பளபளப்பு முதல் 24 மணி நேரத்துக்கு நன்றாக இருக்கும், அதன்பின் படலம் மெதுவாக மங்கும். சர்க்கரையும் ஜெலட்டினும் காற்றின் ஈரத்தையும் மூஸின் ஈரத்தையும் இழுத்துக்கொள்வதுதான் காரணம். ஆர்டர் எடுத்துச் செய்கிறவர்கள், கேக்கை உறைந்த நிலையிலேயே வைத்திருந்து, கொடுக்கிற நாள் காலையில் கிளேஸ் ஊற்றுவதற்குக் காரணம் இதுதான். மதியம் வெயிலில் ஆட்டோவில் போக வேண்டிய கேக்குக்கு மிரர் கிளேஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நல்லது. 30 டிகிரியைத் தாண்டிய இடத்தில் ஜெலட்டின் படலம் தளர்ந்து நகரத் தொடங்கும், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

வெட்டும்போது கத்தியை வெந்நீரில் நனைத்து, துடைத்து, அழுத்தி நேராகக் கீழே இறக்குங்கள். அறுப்பது போல் முன்னும் பின்னும் இழுத்தால் கிளேஸ் சுருண்டு மூஸோடு கலந்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும்.

கீழே தட்டில் வழிந்து நின்ற கிளேஸை, கேக் துணுக்குகள் விழுந்த பகுதியை விட்டுவிட்டு, வழித்தெடுத்து வடிகட்டிக் கிளிங் ராப்பால் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும், ஃப்ரீசரில் ஒரு மாதம் வரை. அடுத்த தடவை 40 டிகிரிக்கு ஏற்றி, பிளெண்டரை ஒருமுறை ஓட்டி, மறுபடி 33-க்கு இறக்கிப் பயன்படுத்தலாம். மறுசூட்டில் கொஞ்சம் கெட்டியாகத் தெரிந்தால் ஒரு ஸ்பூன் வெந்நீர் சேருங்கள். முழுக் கேக்குக்கு அளவு போதாவிட்டால் புதிதாகக் காய்ச்சியதோடு கலந்துவிடலாம், நிறம் மட்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.